புதிதாகச் சேர்பவரின் முதல் மூன்று மாதங்கள்: எந்த வரிசை, யாருக்கு?

கோயம்புத்தூரில் நூற்பாலைகளுக்கான மென்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், புதிதாகச் சேர்பவர்களை வேலைக்குள் கொண்டுவரும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மொத்தம் 120 பேர் வேலை செய்கிறோம். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் புதிதாகச் சேர்கிறார்கள். லேப்டாப், கணக்குகள், அறிமுகங்கள், பயிற்சி ஆகிய நான்கும் இல்லாத பட்டியலை எந்த நிறுவனத்திலும் பார்க்க முடியாது. எங்கள் பட்டியலிலும் அவை தொடக்கம் முதலே இருந்தன. ஆனால் அவற்றை எந்த வரிசையில், எந்த நாளில் வைப்பது என்பதை இரண்டு முறை மாற்றி, இப்போது மூன்றாவது முறைக்கு வந்திருக்கிறோம். இந்த மூன்று வரிசைகளில் எது எங்கே பொருந்தும், எங்கே உடையும் என்பதை, இதே முடிவை எடுக்க வேண்டியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை, எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது. திங்கட்கிழமை லேப்டாப்பும் கணக்குகளும். செவ்வாய் முதல் வெள்ளி வரை பயிற்சி அமர்வுகள். இடையில் ஒரு நாள் காலையில் எல்லாப் பிரிவுகளுக்கும் அழைத்துச் சென்று அறிமுகம். இரண்டாவது முறை, பரவலாகப் பின்பற்றப்படும் 30–60–90 நாள் திட்டம். பட்டியலை மூன்று மாதங்களுக்கும் பரப்பி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி குறித்துவிடுவார்கள். மூன்றாவது முறையில் தேதிக்குப் பதிலாக வேலைதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. ஒரு வேலை அவர் கைக்கு வருவதற்குச் சற்று முன்னால், அதற்குரிய கணக்கு, அதற்குரிய ஆள், அதற்குரிய பயிற்சி மூன்றும் சேர்ந்து வரும்.

இந்த ஒப்பீட்டில் லேப்டாப்பும் அடிப்படைக் கணக்குகளும் தனியாக நிற்கின்றன. அவற்றுக்கு எந்த முறையை எடுத்தாலும் வேலை முதல் நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும். இங்குள்ள தயக்கம் நியாயமானதுதான். நம் ஊர் மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் இரண்டு மூன்று மாதங்கள் ஓடும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டவர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவது அன்றாடம் நடப்பது. அதனால்தான் 'ஆள் வந்து உட்காரட்டும், பிறகு வாங்கலாம்' என்று ஐ.டி. பிரிவினர் சொல்கிறார்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஆள் வராமல் போனால் எதைத் திரும்பப் பயன்படுத்த முடியும் என்று பிரித்துப் பார்ப்பது. லேப்டாப் யாருக்கும் கொடுக்கத்தக்க பொருள். எனவே 10 நாட்களுக்கு முன்பே விண்டோஸ், புதுப்பிப்புகள், வட்டுக் குறியாக்கம் ஆகியவற்றை யாருடைய பெயரும் இல்லாமல் முடித்து வைத்துவிடலாம். மின்னஞ்சல் கணக்கு பெயருக்கு உரியது, உரிமமும் தலைக்கு இத்தனை என்று கணக்கிடப்படுவது. அதனால் கணக்கை முடக்கிய நிலையில் உருவாக்கி, சேரும் தேதியை அவர் உறுதிசெய்த பிறகு, இரண்டு வேலை நாட்களுக்கு முன்னால் உரிமத்தை ஒதுக்கினால் போதும். அஞ்சல்பெட்டி தயாராகச் சிறிது நேரம் எடுத்தாலும் அந்த இடைவெளிக்குள் அது அடங்கிவிடும்.

கணக்குகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு என்பதை ஓர் அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டோம். ஒரு திங்கட்கிழமை 11 மணிக்குச் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் என் மேசைக்கு வந்து, "மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மெயிலில் அனுப்பிவிட்டதாக ஐ.டி.யில் சொல்கிறார்கள்" என்றார். தற்காலிகக் கடவுச்சொல், அவரால் இன்னும் திறக்க முடியாத அஞ்சல்பெட்டிக்கே போய்க் காத்திருந்தது. அதைத் தொலைபேசியில் சொல்லித் தீர்த்ததும், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு வந்து நின்றது. கைபேசியில் சரிபார்ப்புச் செயலியைப் பதிவுசெய்யாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாமல் பதிவுசெய்யவும் முடியாது. நிர்வாகி வந்து அதைத் திறந்துவிடுவதற்குள் மதியம் ஆகிவிட்டது.

இப்போது எங்கள் வரிசையில் அடையாளம்தான் முதலில் வருகிறது. பணியாளர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் `Temporary Access Pass` என்று ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு குறியீட்டை நிர்வாகி உருவாக்கிக் கொடுப்பார். அதை வைத்துக் கடவுச்சொல் இல்லாமலேயே உள்ளே நுழைந்து, செயலியைப் பதிவுசெய்துகொள்ளலாம். அதைக் காலையில் அச்சிட்டு நேரில் கையில் கொடுக்கிறோம். 8 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும். லேப்டாப்பில் நுழையும்போதும் கைபேசியில் பதிவுசெய்யும்போதும் என இருமுறை தேவைப்படலாம் என்பதால், ஒரே முறைக்கு மட்டும் என்று அதை அமைப்பதில்லை. அடையாளம் உறுதியானதும் மின்னஞ்சல், அரட்டை, நாட்காட்டி எல்லாம் அதே நுழைவில் திறந்துகொள்கின்றன. பிழைப் பதிவேடு, நிரல் களஞ்சியம் போன்றவை அதற்குப் பிறகுதான்.

லேப்டாப்பைக் கொடுத்தாகிவிட்டது என்று பட்டியலில் டிக் போடுவதற்கு முன்னால், அவர் முன்னிலையிலேயே மூன்று கட்டளைகளை இயக்கிப் பார்க்கிறோம். முதல் கட்டளைக்கு மட்டும் நிர்வாகி உரிமை வேண்டும்.

```
manage-bde -status C:
ssh-keygen -t ed25519
ssh -T git@github.com
```

முதல் கட்டளை வட்டு குறியாக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும். இரண்டாவது, களஞ்சியத்துக்கான சாவி இணையை உருவாக்கும். அதன் பொதுச் சாவியைக் கணக்கில் சேர்த்த பிறகு மூன்றாவதை இயக்கினால், அவருடைய பயனர் பெயரைச் சொல்லி வரவேற்கும் ஒரு வரி வர வேண்டும். `Permission denied (publickey)` என்று வந்தால் சாவி இன்னும் சேரவில்லை என்று பொருள். விண்டோஸில் வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி நிர்வாகத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். என்றோ ஒரு நாள் பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, வீட்டில் இருக்கும்போது அவருடைய திரை அந்தச் சாவியைக் கேட்கும். அன்று அதைத் தேடத் தொடங்கினால் வேலை நின்றுவிடும்.

இதுவரை சொன்னது மூன்று முறைகளுக்கும் பொது. அவை பிரிகிற இடம் இதற்கு அடுத்தது: மற்ற அனுமதிகளையும் அறிமுகங்களையும் பயிற்சியையும் எங்கே வைப்பது?

முதல் வார முறையை நாங்கள் நெடுநாள் பின்பற்றினோம். அதன் நன்மை எளிதானது. ஐந்து நாட்களில் பட்டியல் முடிந்துவிடும், யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, பயிற்றுநர்களின் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அதன் குறை, பட்டியல் முடிந்த பிறகுதான் தெரியவரும். சோதனைப் பிரிவில் சேர்பவருக்குப் புதிய பதிப்பை வெளியிடும் நடைமுறையை நான்காம் நாள் சொல்லிக்கொடுப்போம். அவர் பங்கேற்கும் முதல் வெளியீடு ஆறாவது வாரத்தில் வரும். அதற்குள் அவருக்கு எதுவும் நினைவில் இருக்காது. அவருடைய டீம் லீட் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொல்லிக்கொடுப்பார். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாவுஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885-இல் வெளியிட்ட முடிவுகளில், மறதியின் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுவதாகக் காட்டினார். பொருளுள்ள செய்தி அவ்வளவு விரைவாக மறக்காது என்றாலும், கையால் செய்து பார்க்காத நடைமுறையை ஐந்து வாரம் யாராலும் சுமந்துகொண்டிருக்க முடியாது.

அனுமதிகளில் இதே முறை வேறுவிதமான தீங்கைச் செய்கிறது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டாம் என்று, வாடிக்கையாளரின் நேரடித் தரவுத்தளத்தைப் படிக்கும் அனுமதி வரை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவோம். ஒருமுறை அந்த அனுமதி பெற்றவர்களின் பட்டியலை எடுத்தபோது, பலருடைய பெயருக்கு எதிரே கடைசி நுழைவுத் தேதி வெறுமையாக இருந்தது. பயன்படுத்தவே இல்லாத சாவியை அவர்கள் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய கடவுச்சொல் திருடுபோயிருந்தாலும், ஒருநாளும் அந்தப் பக்கம் போகாத அவருடைய கணக்கின் வழியாக ஒரு நூற்பாலையின் கணக்குகள் முழுவதும் வெளியே போயிருக்கும்.

அறிமுகச் சுற்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுதில் 120 பேரைப் பார்த்தவர், அன்று மாலை எத்தனை பெயர்களைச் சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு 30–60–90 நாள் திட்டத்துக்கு மாறினோம். அது உண்மையாகவே மேம்பட்டது. முதல் வாரம் இலகுவானது. நேரடித் தரவுக்கான அனுமதி 60-ஆம் நாளுக்குத் தள்ளிப்போனது. சந்திக்க வேண்டிய 12 பேரையும் நான்கு வாரங்களில் பகிர்ந்து, ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம் என்று நாட்காட்டியில் போட்டோம். ஆனால் தேதிக்கு வேலை தெரியாது. திட்டத்தில் 35-ஆம் நாள் என்றிருந்த வெளியீட்டுப் பயிற்சி நடந்து முடிந்தது, வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் வெளியீடு 20 நாட்கள் தள்ளிப்போனது. இன்னொரு முறை வெளியீடு முன்னதாகவே வந்துவிட்டது. அனுமதி 60-ஆம் நாள்தான் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்து இருக்கைக்காரரின் கணக்கில் நுழைந்து வேலையை முடித்தார். தேதி முறை தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஒருவர் மற்றொருவரின் கணக்கைக் கடன் வாங்குகிறார் என்றால், பட்டியல் வேலையைவிடப் பின்தங்கியிருக்கிறது. அதைச் செய்தவரைக் கண்டிப்பதற்கு முன், அந்த நிலைக்கு அவரைத் தள்ளிய பட்டியலைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது முறைக்கு வந்தபோது, எல்லாவற்றையும் வேலையோடு கட்டிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். அதுவும் தவறு என்று விரைவிலேயே புரிந்தது. சேர்ந்து மூன்று நாட்களே ஆன ஒருவருக்கு, நிர்வாக இயக்குநரின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. கூட்டத்தில் இருப்பதாகவும், ஒரு வாடிக்கையாளருக்காக உடனே பரிசு அட்டைகள் வாங்கி எண்களை அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. புதிய வேலையில் சேர்ந்த செய்தியை அவர் தொழில்முறை வலைத்தளத்தில் போட்டிருந்தார். மோசடிக்காரர்கள் தேடுவது அப்படிப்பட்டவர்களைத்தான், ஏனெனில் அவர்களுக்கு இயக்குநரின் எண்ணும் தெரியாது, நிறுவனத்தின் வழக்கமும் தெரியாது. நல்லவேளையாக அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஆனால் மோசடிச் செய்திகளை அடையாளம் காணும் பயிற்சியை நாங்கள் அவருடைய முதல் வாடிக்கையாளர் மின்னஞ்சலோடு கட்டி, மூன்றாவது வாரத்தில் வைத்திருந்தோம்.

இதிலிருந்துதான் எங்களுக்கு ஒரு பிரிப்பு கிடைத்தது. வருகிற நாள் முன்கூட்டியே தெரியும் நிகழ்வுகள் உண்டு: வெளியீடு, வாடிக்கையாளர் அழைப்பு, மாதாந்திரக் கணக்கு முடிப்பு. அவற்றுக்கான பயிற்சியும் அனுமதியும் அந்த நிகழ்வோடு நகர வேண்டும். எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாத நிகழ்வுகளும் உண்டு: மோசடிச் செய்தி, தொலைந்த லேப்டாப், பணியிடத்தில் ஒருவர் தவறாக நடந்துகொள்வது, தீ. அவற்றுக்கானதைத் தேதியில், அதுவும் முதல் இரண்டு நாட்களுக்குள் கட்ட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த ஆணையைப் பணியிடத்தில் கண்ணில் படும்படி வைக்கவும், அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தவும் சொல்கிறது. அந்தப் பயிற்சி ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்றாலும், குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்களை எப்படி அணுகுவது என்பதைப் புதிதாகச் சேர்பவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இந்த நான்கையும் சேர்த்து முதல் நாள் பிற்பகலில் 40 நிமிடங்களில் சொல்லிவிடுகிறோம். முதல் நாளில் வேறு பயிற்சி எதுவும் இல்லை.

இந்தப் பிரிப்பின்படி, சோதனைப் பிரிவில் நான்கு ஆண்டு அனுபவத்தோடு சேர்ந்த ஒருவருடைய மூன்று மாதங்கள் எப்படி அமைந்தன என்பதைச் சொல்கிறேன். முதல் நாள் காலை லேப்டாப்பும் அடையாளமும். மதியம் அவருடைய குழுவைச் சேர்ந்த ஒருவர் தவறாமல் உடன் சாப்பிட வேண்டும் என்பதும் பட்டியலில் ஒரு வரி. உணவுக்கூடத்தின் வாசலில் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் புதியவரை ஒருமுறை பார்த்தவர்கள் அந்த வரியை நீக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் பிழைப் பதிவேட்டுக் கணக்கும், சோதனைச் சேவையகத்துக்கான அனுமதியும். போன பதிப்பில் சரிசெய்யப்பட்ட ஐந்து பிழைகளைக் கொடுத்து, அவை உண்மையாகவே தீர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னோம். நான்காம் நாள், அவற்றில் ஒன்று வேறொரு வழியில் மீண்டும் வருவதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். நூல் எடையைப் பெட்டிக் கணக்கில் சேர்க்கும்போது கடைசித் தசமம் மாறிக்கொண்டிருந்தது.

அறிமுகங்கள் அங்கிருந்துதான் தொடங்கின. அந்தப் பிழை எடைக் கணக்கீட்டுப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், அதை எழுதிய நிரலாளரிடம் அன்றே அழைத்துச் சென்றார் டீம் லீட். கையில் ஒரு கேள்வியோடு போனதால் இருவரும் திரையைப் பார்த்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். நாட்காட்டியில் 'அறிமுகச் சந்திப்பு' என்று போட்டிருந்தால், எந்த ஊர், எங்கே படித்தீர்கள் என்பதோடு அது முடிந்திருக்கும். ஐந்தாம் வாரம் முடிவதற்குள் அந்தப் பழைய 12 பேரில் ஒன்பது பேரை அவர் வேலை வழியாகவே சந்தித்திருந்தார். மீதி மூன்று பேரை, அதாவது ஊதியப் பிரிவு, விற்பனைப் பிரிவு, மேலதிகாரியின் மேலதிகாரி ஆகியோரை வேலை அவரிடம் கொண்டுவராது என்பதால், 30-ஆம் நாள் பார்வையின்போது நாங்களே ஏற்பாடு செய்தோம்.

வெளியீடு ஏழாவது வாரம் என்று உறுதியானதும், அதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்னால் வெளியீட்டுப் பயிற்சி நடந்தது. முதல் முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதாவது வாரத்தில் வந்த சிறிய திருத்த வெளியீட்டை அவரே செய்ய, டீம் லீட் பக்கத்தில் உட்கார்ந்தார். நேரடித் தரவைப் படிக்கும் அனுமதி, ஒரு வாடிக்கையாளரின் புகாரைத் துப்பறிய வேண்டிவந்த நாளில், 14 நாட்களுக்கு மட்டும் என்று கொடுக்கப்பட்டு, தானாகவே காலாவதியானது. அவர் அதை மறுபடி கேட்கவில்லை.

30, 60, 90 ஆகிய எண்களை நாங்கள் கைவிடவில்லை. இப்போது அவை எதையும் கொடுக்கும் நாட்கள் இல்லை, பார்க்கும் நாட்கள். 30-ஆம் நாள், வேலை கொண்டுவராத அறிமுகங்களும் பயிற்சிகளும் எவை என்று பார்க்கிறோம். 60-ஆம் நாள், இரண்டு மாதங்களாக எந்த நிகழ்வும் வராததால் கட்டப்படாமல் கிடக்கும் வரிகளை எடுத்து, அவற்றுக்கு ஒரு போலிச் சூழலை உருவாக்கிப் பயிற்சி கொடுக்கிறோம். 90-ஆம் நாள், அவரிடம் இருக்கும் அனுமதிகளின் முழுப் பட்டியலை அவரும் டீம் லீடும் சேர்ந்து படித்து, கடைசி நுழைவுத் தேதி வெறுமையாக இருப்பவற்றை அங்கேயே நீக்குகிறார்கள்.

மூன்றாவது முறைக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. என்ன நிகழ்வு எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆள் வேண்டும். எங்களிடம் அது டீம் லீட்; வாரத்துக்கு அரை மணி நேரம், திங்கட்கிழமை காலையில், வரப்போகும் வாரத்தின் வேலைகளையும் புதியவரின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். ஒரு குழுவில் அந்த டீம் லீட் நீண்ட விடுப்பில் போனபோது, பட்டியல் மூன்று வாரம் அப்படியே கிடந்தது. இரண்டாவது முறையாக இருந்திருந்தால் நாட்காட்டி அழைப்புகளாவது தாமாக நடந்திருக்கும். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் ஒருவரையும் முதல் நாளே குறித்துவிடுகிறோம்.

ஆகவே, ஒரே நாளில் 30, 40 பேரைக் கல்லூரியிலிருந்து நேராக எடுக்கும் நிறுவனத்துக்கு மூன்றாவது முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கு எந்தத் திட்டத்திலும் சேர்க்கப்படுவதில்லை. காத்திருக்கும் வேலையே இல்லாதபோது பயிற்சியைக் கட்டுவதற்கு இடமில்லை. அவர்களுக்கு முதல் முறையின் வகுப்பறையே பொருந்தும், அனுமதிகளை மட்டும் திட்டம் ஒதுக்கும் வரை நிறுத்தி வைத்தால் போதும். மேலாளர்கள் அடிக்கடி மாறும் இடத்திலும், புதியவர் தொலைவிலிருந்து தனியாக வேலை செய்யும் இடத்திலும் இரண்டாவது முறை பாதுகாப்பானது. ஏனெனில் யாரும் கவனிக்காமல் விட்டாலும், தேதி வந்ததும் நாட்காட்டி கூப்பிடும். எங்களைப் போல மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து, சேர்ந்த வாரத்திலேயே வேலையைத் தொட வேண்டியிருக்கிற நிறுவனத்துக்கு மூன்றாவதைத்தான் எடுப்பேன்.

மாற விரும்புகிறவர்கள் புதிய பட்டியல் எழுத வேண்டியதில்லை. கையில் இருக்கும் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் 'இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும், அந்த வேலை எப்போது வரும்' என்று எழுதிப் பாருங்கள். எங்கள் பட்டியலில் 46 வரிகள் இருந்தன. 11 வரிகளுக்கு முதல் நாளே என்று விடை வந்தது. ஆறு வரிகளுக்கு எந்த வேலையும் நிற்காது என்று வந்ததால் அவற்றை நீக்கிவிட்டோம். மீதி 29 வரிகள்தான் நிகழ்வுகளோடு கட்டப்பட்டு, இன்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த அரை மணி நேரத்தில் படிக்கப்படுகின்றன.